யேநுவேஜான் கப்பில் இசப்கோல் வேண்டாம்

*என் மாமியாருக்கு 66 வயது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரையும் உண்டு. காலையில் மறந்துவிடுகிறார் என்பதால் தைராய்டு மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துவிடுகிறேன். மலச்சிக்கலுக்கு இரண்டு மாதமாக இசப்கோல். படுக்கப் போகும்போது அந்த மாத்திரைகளோடு சேர்த்து, யேநுவேஜான் குடிக்கிற சின்னக் கப்பில் ஒரு கரண்டி குவித்துப் போட்டுக் கலக்கிக் குடிப்பார். முதல் வாரம் பரவாயில்லை. இப்போது முன்னைவிட இறுகிவிட்டது, வயிறும் உப்புகிறது. எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மாத்திரைகளுக்கு எவ்வளவு இடைவெளி? பாலில் கலக்கலாமா? போன வாரம் ஒருநாள் குடித்ததும் நெஞ்சில் நின்ற மாதிரி இருந்தது என்றார்.*

*— ஒரு வாசகி, ரங்கூன்*

கடைசி வரியில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்று ராத்திரி இசப்கோல் கொடுக்காதீர்கள். அத்தையை உட்காரவைத்து இரண்டு விஷயம் கேளுங்கள். இசப்கோல் குடிக்காத நாட்களிலும் சோறோ ரொட்டியோ இறங்கும்போது நெஞ்சில் தங்கித் தங்கி இறங்குகிறதா? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க வேண்டியிருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உணவுக்குழாயில் எங்கோ சுருக்கம் இருக்கலாம். டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் குழாய் விட்டு உள்ளே பார்த்த பிறகே இசப்கோலைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

இரண்டுக்கும் இல்லை, அந்த ஒருநாள் மட்டும்தான் என்றால், குற்றவாளி பெரும்பாலும் அந்தக் கப்புதான். இனி எப்போதாவது குடித்ததும் நெஞ்சு வலித்தாலோ, எச்சில்கூட இறங்காமல் வாயில் வழிந்தாலோ, வாந்தி வந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வோமே, அதை இங்கே செய்துவிடாதீர்கள். அடைத்து நிற்பது முள் அல்ல. தண்ணீர் கிடைக்கக் கிடைக்க ஊதுகிற உருண்டை. மேலே இன்னும் தண்ணீர் ஊற்றினாலும் சோற்றால் தள்ளினாலும் அடைப்புதான் பெரிதாகும்.

ஏன் ஊதுகிறது என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, ஒரு டீஸ்பூன் இசப்கோலைத் தூவுங்கள். முதலில் மரத்தூள் மாதிரி மேலே மிதக்கும். கலக்கினால் ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு செதிலின் ஓரமும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். சில நிமிடம் போனால் தண்ணீர் கனத்துக் கஞ்சியாகும், கால் மணி நேரத்தில் கூழாகும். அதே கரண்டியைக் குவியலாக எடுத்து யேநுவேஜான் கப்பில் போட்டுக் கலக்கி வையுங்கள். கால் மணி கழித்துக் கப்பைச் சாய்த்தால் வழியாது, கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அத்தையின் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது இதுதான்.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். நல்ல இசப்கோல் உமி ஒரு கிராம் போட்டால் ஊறி 40 மில்லி அளவாவது இடத்தை அடைத்துக்கொள்ளும். கரண்டி குவித்தால் 3 கிராமுக்குக் குறையாது. அது முழுதும் ஊற 120 மில்லிக்கு மேல் வேண்டும். டீக்கடை மேசையில் சுடுநீர்ப் பிளாஸ்க்கோடு வைக்கிற கைப்பிடியில்லாத அந்தக் கப் கொள்வது ஏறத்தாழ 70 மில்லி. மீதித் தண்ணீரை உமி எங்கிருந்து எடுக்கும்? போகிற வழியில் எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கிருந்து. தொண்டையில், நெஞ்சில், கடைசியில் குடலில்.

முதல் வாரம் பரவாயில்லாமல் இருந்து பிறகு இறுகியதற்கு ஒரு பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. இசப்கோல் குடலை முறுக்கித் தள்ளுகிற பேதி மருந்து அல்ல. தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு பெருங்குடல்வரை சுமந்து போகிறது, மலம் இளகிப் பருக்கிறது, பருத்ததைக் குடல் தானே தள்ளுகிறது. சுமந்து போகத் தண்ணீர் இல்லாவிட்டால் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு அதுவே அடைப்பாக உட்கார்ந்துவிடும். வயிற்றுப்போக்குக்கு இசப்கோலைத் தயிரில் கெட்டியாகக் கலந்து கொடுப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே வேண்டியது உறிஞ்சுவது, அதனால் தண்ணீர் குறைவு. அதே பக்குவத்தில் மலச்சிக்கலுக்குக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் வேலை செய்யத்தான் செய்யும்.

அளவுக்கு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டு டம்ளரை அளந்துகொள்ளுங்கள். கடையில் வாங்குகிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டம்ளர்களில் ஊற்றுங்கள். நான்கு டம்ளர் நிறைந்தால் ஒன்று 250 மில்லி. ஐந்து நிறைந்தால் 200. ஒரு வேளைக்கு வேண்டியது 250 மில்லி, அதாவது பெரிய டம்ளர் நிறைய. அதில் கலக்கிக் குடித்த பிறகு அரை டம்ளர் வெறும் தண்ணீரும் குடிக்க வேண்டும். இந்தப் பின் தண்ணீரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டம்ளரின் அடியிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கிற செதில்களை இறக்குவது அதுதான்.

கரண்டியைக் குவிக்காதீர்கள், கத்தியின் பின்புறத்தால் வழித்துச் சமமாக்குங்கள். அப்படி வழித்த ஒரு டீஸ்பூன் முழு உமி ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். குஜராத்திலிருந்து வருகிற பாக்கெட்டுகளில் இரண்டு வகை உண்டு. செதில் செதிலாக இருப்பது முழு உமி. மாவு போல இருப்பது அரைத்த உமி. அரைத்ததில் அதே கரண்டிக்கு எடை இரட்டிப்பாகிவிடும். ஊறுவதும் படுவேகம், கலக்கி முடிப்பதற்குள் கட்டி தட்டும். வயதானவர்களுக்கு முழு உமியே நல்லது. இரண்டு மாதத்துக்குள் பாக்கெட் மாற்றி வாங்கியிருந்தீர்களா என்று பாருங்கள். முதல் வாரம் செதிலாகவும் இப்போது மாவாகவும் இருந்தால், அளவு உங்களுக்குத் தெரியாமலே ஏறியிருக்கிறது. மணி மணியாக உருட்டி, கலக்காமல் அப்படியே விழுங்குகிற வகையும் சில நாடுகளில் இருந்தது. உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-ல் அதன் விற்பனையை நிறுத்தியது. வாயில் கொட்டிக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றி விழுங்குகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

அத்தையை நேராக நாற்காலியில் உட்காரவையுங்கள். டம்ளரில் முதலில் தண்ணீர், அதன் பிறகு உமி. உமியை முதலில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாக ஓர் உருண்டை நின்றுவிடும். தண்ணீர் வெறுமனே அறை வெப்பத்தில் இருக்கட்டும். சுடுநீரில் இன்னும் சீக்கிரம் கூழாகும், யேநுவேஜான் பிளாஸ்க் தண்ணீர் அதனாலும் பொருந்தாது. தூவியபடியே கலக்குங்கள், கலக்கியதும் கையில் கொடுங்கள். ஊறவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது குடிக்க முடியாத கூழாக இருக்கும். அதைக் கரண்டியால் எடுத்து ஊட்ட வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இரண்டு நிமிடத்துக்குள் குடித்து முடித்து, பின் தண்ணீரும் குடித்து, அரை மணி நேரமாவது சாயாமல் இருக்கட்டும்.

படுக்கப் போகும்போது இசப்கோல் வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். நம் ஊர்களில் ராத்திரிதான் வழக்கம், காலையில் போய்விடும் என்ற நம்பிக்கை. நின்றோ உட்கார்ந்தோ இருந்தால் விழுங்கியது தன் எடையிலேயே இறங்கும். படுத்துவிட்டால் உணவுக்குழாய் கிடைமட்டமாகிவிடுகிறது. தூங்கும்போது எச்சில் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. ஒட்டிக்கொண்ட கொஞ்சம் உமி அங்கேயே ஊதுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ராத்திரி குடித்தால்தான் காலையில் வேலை செய்யும் என்பதும் இல்லை. எப்போது குடித்தாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சிலருக்கு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இனி மாத்திரைகள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது தண்ணீரைவிட இந்தப் பகுதிதான். தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, இசப்கோல் மூன்றும் ஒரே நேரத்தில், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு போகின்றன. தைராய்டு மாத்திரையில் இருக்கிற தைராக்சின் வெறும் வயிற்றில் தனியாகப் போனால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு சேரவிடாமல் செய்கிறது, சாப்பாடும் தடுக்கிறது. இவற்றின் மேல் இசப்கோல் கூழாகச் சுற்றிக்கொண்டால் மாத்திரை கரைவதும் குடல்சுவரைத் தொடுவதும் தாமதமாகும், ஓரளவு குறையவும் செய்யலாம். தைராய்டு ஹார்மோன் உடம்பில் குறைந்தால் என்ன ஆகும்? குடல் மந்தமாகும், மலம் இறுகும். அதற்காக நீங்கள் இசப்கோலைக் கூட்டுவீர்கள். இரும்பு மாத்திரை தன் பங்குக்குத் தனியாக மலத்தை இறுக்கும். மலச்சிக்கலுக்கான மருந்தே மலச்சிக்கலை வளர்க்கிற ஒரு சுற்று உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். மீதிப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பொது விதி இதுதான்: இசப்கோலுக்கும் வேறு எந்த மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். அரை மணி, ஒரு மணி போதும் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் இரண்டு மணி என்று போட்டிருக்கும். பல மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்களுக்கு இரண்டையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். தைராக்சினுக்கு மட்டும் நான்கு மணி நேரம் விடுங்கள். இரும்புக்கும் தைராக்சினுக்கும் நடுவிலும் அதே நான்கு.

உங்கள் வீட்டு நாளை இப்படி அடுக்கிப் பார்த்தேன். விடிந்து 6 மணிக்கு, பல் தேய்த்ததும், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. மறந்துவிடுகிறார் என்பதற்கு மருந்து ராத்திரிக்கு மாற்றுவது அல்ல, மாத்திரை அட்டையைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைப்பது. அதன் பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை எதுவும் சாப்பிடக் கூடாது, லப்பெயேயும் கூடாது, பால் சேர்ந்த டீ மாத்திரையைக் கெடுக்கும். 7 மணிக்கு மேல் மொஹிங்காவோ இட்லியோ, அதோடு டாக்டர் சொன்னபடி சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும். இசப்கோல் காலை 10.30-க்கு. தைராக்சினிலிருந்து நாலரை மணி, காலை மாத்திரைகளிலிருந்து மூன்று மணி ஆகிவிட்டது. அடுத்த மாத்திரைக்கு இன்னும் இரண்டரை மணி இருக்கிறது. மதியம் 1 மணிச் சாப்பாட்டோடு இரும்பு மாத்திரை. சாப்பாடு இல்லாமல் கொடுத்தால் இன்னும் நன்றாகச் சேரும், ஆனால் பலருக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் கூட இருந்தால் நல்லது. சாப்பிட்டு முடிந்த கையோடு யேநுவேஜான் ஊற்றிக் குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும். இரண்டாவது வேளை இசப்கோல் தேவைப்பட்டால் மாலை 5 மணிக்கு. ராத்திரி 7.30-க்குச் சாப்பாடு, அப்போது சர்க்கரை மாத்திரை இருந்தால் அது. படுக்கும்போது ஒன்றும் இல்லை.

மருந்துக்கடையில் வேளை மாத்திரைகளைச் சேர்த்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். வசதிதான். ஆனால் தைராய்டு மாத்திரையையும் இரும்பையும் அந்தப் பையில் போட வேண்டாம், அட்டையோடு தனியாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடந்த சில மாதத்தில் ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது என்று தைராய்டு மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினாரா? கூட்டியிருந்தால், சேராமல் போனதை ஈடுகட்டக் கூட்டிய அளவாக அது இருக்கலாம். இனி வெறும் வயிற்றில் முழுதும் சேர ஆரம்பித்தால் அதே அளவு அதிகமாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, காரணமில்லாமல் எடை குறைவது இவை அதன் அடையாளம். அதனால் நேரத்தை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாற்றி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் எண் நிலைக்கு வந்திருக்காது. நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சர்க்கரை மாத்திரை எது என்று எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியோ இன்சுலினோ இருந்தால், இசப்கோலை ஒழுங்காகக் குடிக்கத் தொடங்குகிற முதல் இரண்டு வாரம் வீட்டில் விரல் குத்திச் சர்க்கரை பாருங்கள். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை இந்தக் கூழ் கொஞ்சம் தாமதப்படுத்தும், சிலருக்குத் தாழ்சர்க்கரை வரலாம். வாசனையும் நிறமும் சேர்த்த பாக்கெட்டுகளில் பாதிக்குப் பாதி சர்க்கரையாகவே இருப்பதும் உண்டு. அத்தைக்கு வெறும் உமிதான்.

பாலில் கலக்கலாமா என்றால், தடை ஒன்றும் இல்லை, லாபமும் இல்லை. இளஞ்சூட்டுப் பாலில் உமி சீக்கிரம் கெட்டியாகும். பால் என்றால் யாரும் 250 மில்லி குடிப்பதில்லை, அரை டம்ளரோடு நிறுத்திவிடுவார்கள், பின் தண்ணீரையும் மறந்துவிடுவார்கள். பாலில் உள்ள கால்சியம் தைராக்சினுக்கும் இரும்புக்கும் ஆகாது. தண்ணீர் ருசிக்கவில்லை என்றால் எலுமிச்சைத் தண்ணீரில் கலக்கட்டும்.

வயிறு உப்புவதற்கு இப்போது ஒரு இடைவெளி தேவை. மலம் கெட்டியாகத் தங்கியிருக்கும்போது மேலிருந்து உமியைத் திணிப்பது அடைத்த குழாயில் மாவு கரைத்து ஊற்றுகிற மாதிரி. கடைசியாக எப்போது சரியாகப் போனார் என்று கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் ஆகி, முக்கியும் வராமல், தண்ணீர் மாதிரி கொஞ்சம் கசிந்து உடையில் படுகிறது என்றால் அது வயிற்றுப்போக்கு அல்ல. கீழே கட்டிக்கொண்ட மலத்தைச் சுற்றி வழிகிறது. அதை டாக்டர் முதலில் வெளியேற்ற வேண்டும், இசப்கோல் பிறகு. அப்படி இல்லை, கஷ்டப்பட்டாவது போகிறார் என்றால், இரண்டு நாள் இசப்கோலை நிறுத்தித் தண்ணீரை மட்டும் கூட்டுங்கள். பிறகு வழித்த ஒரு டீஸ்பூன், காலை 10.30-க்கு மட்டும், நான்கைந்து நாள். உப்பசம் அதிகமாகாமல் இருந்தால் மாலை 5 மணிக்கு இன்னொன்று. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் வரை போகலாம், தண்ணீர் அதே 250 மில்லியும் பின் அரை டம்ளரும். அப்போது நாள் கணக்கு 8 கிராம் ஆகிறது. பெரியவர்களுக்கு மலச்சிக்கலுக்குச் சொல்லப்படும் 7 முதல் 11 கிராமுக்குள்தான் இது வருகிறது.

சரியாகப் போகிறதா என்பதற்கு அளவுகோல் எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறார் என்பது மட்டுமல்ல. மலம் உருண்டை உருண்டையாக ஆட்டுப் புழுக்கை மாதிரி வந்தால் தண்ணீர் போதவில்லை. உமியைக் கூட்டாமல் தண்ணீரைக் கூட்டுங்கள். ஒரே உருவமாக, வெடிப்பில்லாமல், முக்காமல் வந்தால் அந்த அளவிலேயே நில்லுங்கள். நாள் முழுவதற்கும் ஆறிலிருந்து எட்டு டம்ளர் தண்ணீர் போக வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூட.

ஆனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, சிறுநீரகம் சரியில்லை என்று டாக்டர் யாருக்காவது தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அவருக்கு இசப்கோல் பொருந்தாது. தண்ணீரும் கூடாது, தண்ணீரில்லாத உமியும் கூடாது. அவர்களுக்கு வேறு மலமிளக்கி இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கும், நாள் முழுதும் படுத்தபடியே இருப்பவர்களுக்கும் இதேதான். டிரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பேதி நிறுத்துகிற லோபராமைடு சாப்பிடுகிறவர்களுக்கும் குடல் அசைவே அடங்கியிருக்கும். அதோடு உமி சேர்ந்தால் அடைப்பில் முடியலாம். லித்தியம், கார்பமசெபின், டிகாக்சின், வார்ஃபரின் போன்ற, அளவு கொஞ்சம் முன்பின்னானாலும் தகராறு செய்கிற மருந்துகள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இரண்டு மணி இடைவெளியோடு விஷயம் முடிவதில்லை. இசப்கோல் தொடங்குகிறோம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

பாக்கெட்டை மழைக்காலத்தில் திறந்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு உமி காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டி டம்ளரில் உடையாது, உள்ளே உலர்ந்தபடியே தொண்டைக்குப் போகும். கட்டி கண்டால் தூக்கிப் போடுங்கள். இறுகிய மூடியுள்ள பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் வையுங்கள். கொட்டும்போது மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கொட்டுங்கள். தூசியை மூச்சில் இழுத்து இழுத்து ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு. தும்மல், கண் அரிப்பு, தடிப்பு, இழுப்பு இவற்றில் எதுவும் அத்தைக்கு மட்டுமல்ல, கலக்கிக் கொடுக்கிற உங்களுக்கு வந்தாலும் நிறுத்த வேண்டும்.

சரியான தண்ணீரோடு மூன்று நாள் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் நான்காம் நாள் கொடுக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வயிறு கல்லாகி, காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே. மலத்தில் ரத்தம், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் மலப்பழக்கம் திடீரென்று மாறியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அந்த வயதில் உள்ளே பார்க்காமல் எந்த உமியும் கொடுக்கக் கூடாது. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம்தான். ஆனால் தார் மாதிரி பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது இரும்பு அல்ல. ரத்தம் ஏன் குறைந்தது என்று டாக்டர் கண்டுபிடித்தாரா, இல்லை மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தாரா? மலச்சிக்கலும் ரத்தக் குறைவும் 66 வயதில் சேர்ந்து வந்திருக்கின்றன. டி.எஸ்.எச். பார்க்கப் போகும்போது அந்தக் கேள்வியையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.